வேலை என்னவென்று கேட்ட வீட்டுக்காரம்மா

முப்பத்துநாலு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். ஆஸ்பத்திரிகளுக்கு ஆன்லைனில் டோக்கன் போட்டுத் தரும் ஒரு கம்பெனியில் ரிலையபிலிட்டி இன்ஜினியர். இந்தப் பட்டத்தை வாய் நிறையச் சொல்வதில் அவளைவிட அவள் புருஷனுக்குத்தான் ஆசை. வாடகைக்கு வீடு தேடிப்போய் அவன் அதைச் சொன்ன இடத்திலெல்லாம் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

இருக்கிற வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒன்பது நாள். நாலாவதாகப் பார்த்த வீட்டின் சொந்தக்காரம்மா ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என்ன வேலை என்று கேட்டார். புருஷன் பட்டத்தை அவிழ்த்துவிட்டான். அந்தம்மா மசியவில்லை. அதில் தினமும் என்ன செய்வாள் என்று கேட்டார்.

எதுவும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வேன் என்றாள் பாப்பா. கெட்டுப்போகாத நாளில்? பெரிதாக ஒன்றும் நடக்காது என்று இவள் ஒப்புக்கொண்டாள். சும்மா இருக்கச் சம்பளமா என்கிற பார்வை வந்தது. பதறிப்போய், மாதத்தில் நாற்பத்துமூன்று நிமிடம் வரை டோக்கன் வெப்சைட் வேலை செய்யாமல் படுத்துக்கிடக்கலாம், அதற்குள் சமாளிப்போம் என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள். ஆபீசில் இதற்குக் கைதட்டுவார்கள். இங்கே அந்தம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார்.

வீடு கையை விட்டுப் போகிறது என்று பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் மறுபடி வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டாள்.

"அம்மா, காலையில எட்டு மணிக்கு டோக்கன் திறக்கும். ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான பேர் வந்து விழுவாங்க. அத தாங்குமான்னு முன்கூட்டியே பாத்து வைக்கிறது என் வேலை. அப்படியும் படுத்துடுச்சுன்னா என் போன்தான் முதல்ல அடிக்கும். எங்க இருந்தாலும் உக்காந்து நிமித்தணும். அப்புறம் ஏன் படுத்துச்சுன்னு எழுதி, திரும்ப அதே மாதிரி ஆகாம செய்யணும்."

"யார் தப்புன்னு கண்டுபிடிச்சு மெமோ குடுப்பீங்களா?"

"ஆளத் தேட மாட்டோம்மா. எது அவங்கள அந்தத் தப்பைச் செய்ய விட்டுச்சுன்னுதான் தேடுவோம்."

முப்பத்தோரு வருடத்தில் எங்கள் வார்டில் மெமோவுக்குத்தான் முதலில் ஆள் தேடுவார்கள், நோயாளியை அப்புறம் பார்ப்பார்கள் என்றார் அந்தம்மா. சிரித்தார். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று புருஷனைப் பார்த்துத் திட்டினார். அவன் சுவரில் இருந்த காலண்டரை ஆராய ஆரம்பித்தான்.

வீட்டுச் சாவியைப் பாப்பாவின் கையில் வைத்தார். கூடவே இன்னொரு சாவியையும் வைத்தார்.

"இது மொட்டைமாடி மோட்டார் ரூம் சாவி. ஆறு குடித்தனத்துக்கும் உன் போன் நம்பரக் குடுத்துடறேன். தண்ணி வரலைன்னா உனக்குத்தான் முதல்ல அடிப்பாங்க."

வேலைக்குச் சேர்ந்த ஏழு வருடத்தில் அவள் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள், கையோடு வேலையும் கொடுத்துவிட்டார்.