ரத்தக்கட்டு என்ற சொல்

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சீட்டு சிஸ்டர்’ என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடம் வார்டில் நின்றவள். முதுகெலும்பு மக்கர் பண்ண, மருந்தகத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்கு மாற்றினார்கள். நோயாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் விளக்கத்தாள்களைத் தமிழில் எழுதுவது அங்கே அவள் வேலை.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எழுதிய தாளோடு காத்திருப்புக் கூடத்துக்குப் போவாள். முதலில் கண்ணில் படுகிறவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “இப்ப என்ன செய்வீங்க, சொல்லுங்க” என்பாள். “புரியுதா?” என்று கேட்கமாட்டாள். அப்படிக் கேட்டால் எல்லோருமே தலையை ஆட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வழக்கத்தை அவள் கைவிட்டது ஒரே ஒரு தாளுக்குத்தான்.

ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரைக்கான தாள் அது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொண்டவர்களுக்குக் கொடுப்பது. தலைமை மருந்தாளர் ஒரு தமிழ்ப்பிரியர். ‘குருதி உறைவெதிர்ப்பி’ என்று எழுதி அனுப்பினார்.

“இத வாய்விட்டுப் படிச்சா நாக்கு சுளுக்கிக்கும் சார்.”

“அப்ப ‘ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை’ன்னு போடு.”

“ரத்தம் தண்ணியாயிடும்னு பயந்து பாதியில நிறுத்திடுவாங்க. வார்டுல கண்ணால பாத்திருக்கேன்.”

கூட்டத்தில் அரைமணி நேரம் மல்லுக்கட்டி அவள் ஜெயித்தாள். ‘ரத்தக்கட்டு வராமல் தடுக்கும் மாத்திரை’. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அச்சடிக்கிறவர் அவசரப்படுத்தினார். கூடத்தில் மூன்று பேரிடம் தாளை நீட்டி, “புரியுதா?” என்று கேட்டாள். மூவரும் தலையாட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மருந்துக் கவுண்டர் பெண் கதவைத் தட்டினாள்.

“சிஸ்டர், அந்தத் தையல்கார அண்ணன் மாத்திரைக்கு வந்திருக்கார். இருபத்தெட்டு நாளைக்குக் குடுத்தது. இன்னைக்கு இருபத்தோராவது நாள், தீந்துபோச்சாம்.”

“தொலைச்சுட்டாரா?”

“இல்ல, சாப்பிட்டாராம். உங்க தாளப் பாத்துதான் சாப்பிட்டேங்கறார்.”

எழுந்த வேகத்தில் முதுகு சுரீரென்று வெட்டியது. அவள் பொருட்படுத்தவில்லை.

தையல்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மூட்டு அறுவைசிகிச்சைக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து, இரண்டு மாதமாக மாத்திரை எடுக்கிறவர். பக்கத்தில் மனைவி, மடியில் அந்தத் தாள். நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்த தாள்.

“வாங்க சிஸ்டர். ஒரு தப்பும் பண்ணல நான். மிஷின் மூலையில தொடை இடிச்சு நீலமா ரத்தக்கட்டு ஆயிடுச்சு. இது ரத்தக்கட்டுக்குத்தானே மாத்திரை? ஒண்ணுக்கு ரெண்டா போட்டேன், ஒரு வாரமா. கட்டு கரையக் காணோம். பெருசாகிட்டே போகுது.”

சீட்டு சிஸ்டர் தாளை வாங்கித் தான் எழுதிய சொல்லைப் பார்த்தாள். வைத்தியர்கள் சொல்லும் ரத்தக்கட்டு குழாய்க்குள் உறைந்து அடைப்பது. வீட்டில் சொல்லும் ரத்தக்கட்டு அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போவது. முதலாவதைத் தடுக்கும் இந்த மாத்திரை கூடிப்போனால் இரண்டாவதை வளர்க்கும். ஆபத்தின் அடையாளத்தையே அவள் தாள் மாத்திரைக்குக் காரணமாக்கியிருந்தது.

“பல்லு விளக்கும்போது ரத்தம் வருதா?”

“நாலு நாளா வருது,” என்றாள் மனைவி. “பிரஷ் மாத்துங்கன்னேன். இவரு எங்க கேக்கறாரு.”

“தலையில எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா? தலைவலி? மலம் கறுப்பா போகுதா?”

“இல்லம்மா. ஏன் இப்படி மூச்சு விடாம கேக்கறீங்க?”

“உங்க மேல தப்பில்ல. எழுந்திரிக்காதீங்க, நாற்காலி வண்டி வருது.”

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு அவருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஏழுக்கு மேல் போயிருந்தது. மருத்துவர் மாத்திரையை நிறுத்தி, அதன் வேலையை மட்டுப்படுத்த வைட்டமின் கே கொடுத்து, படுக்கையில் சேர்த்தார். உள்ளே எங்கும் கசியவில்லை என்று தெரிய நேரமாகும்.

அழுது என்ன பிரயோஜனம்? சீட்டு சிஸ்டர் பட்டியலை எடுத்தாள். அந்தத் தாளை வாங்கிப் போனவர்கள் அறுபத்தொரு பேர். மீதித் தாள்களைக் கவுண்டரிலிருந்து அள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். பாதிப் பேருக்கு மருந்தாளர் போன் போட்டார், பாதிக்கு அவள்.

“என் சொல்லைப் போட்டிருந்தா இது நடந்திருக்காது,” என்றார் அவர், எண்ணை அழுத்திக்கொண்டே.

“உங்க சொல்லப் போட்டிருந்தா ஒருத்தரும் படிச்சிருக்கவே மாட்டாங்க. ஆனா தப்பு என்னோடதுதான். கேக்கவேண்டிய கேள்விய நான் கேக்கல.”

அவர் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினார்.

இன்னும் இரண்டு பேர் மாத்திரையைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். இருவரையும் உடனே வந்து ரத்தம் சோதிக்கச் சொன்னார்கள். ஒரு கிழவர் மட்டும் போனை எடுக்கவே இல்லை. ஒன்பதாவது முறை அவர் மருமகள் எடுத்தாள். “மாமா தாளையே படிக்கல சிஸ்டர், டப்பா மேல எழுதினபடிதான் போடறாரு.” தன் தாளை ஒருவர் படிக்காததற்கு அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மத்தியானம் இருவரும் புதுத் தாளுக்கு உட்கார்ந்தார்கள்.

“‘ரத்தம் உறையாமல் தடுக்கும்’,” என்றாள்.

“அடியோட உறையாமப் போனா ஆள் தங்கமாட்டான். ‘உறைவதைக் குறைக்கும்’னு போடு.”

அது சரிதான். எழுதிக்கொண்டாள். ‘குழாய்க்குள் ரத்தம் கட்டியாகி’ என்று அடுத்த வரியை எழுதி, கூடத்துக்குப் போய் ஒரு பெண்மணியிடம் கொடுத்து, வாங்கி, சொல்லச் சொன்னாள்.

“கட்டி வந்தவங்க சாப்பிடறதுங்க. எங்க அத்தைக்கு மார்புல வந்துச்சே, அந்த மாதிரி.”

‘கட்டி’யை அடித்தாள். ‘குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தைக் குறைக்கும்’ என்று மாற்றினாள். நாலு பேர் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். தோல் கன்றினால் என்ன செய்வது என்று கீழே எழுதியிருந்த வரி மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. “நீலமா இருந்தா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றார் ஒருவர். மறுநாள் அவள் தாளைச் சுருட்டிக்கொண்டு வார்டுக்கு நடந்தாள்.

மறுபடி எடுத்த சோதனையில் அளவு நான்குக்கு இறங்கியிருந்தது. உள்ளே கசிவு இல்லை. தையல்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார்.

“மன்னிப்பு கேக்க வந்தீங்களா, வேலை வாங்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான். முதல்ல மன்னிப்பு. நான் எழுதின சொல்லு உங்களப் படுக்க வெச்சிடுச்சு.”

“நான் ஒருத்தன்கிட்ட அளவு தப்பா எடுத்தா துணிதான் போகும்,” என்றார். பிறகு கையை நீட்டித் தாளை வாங்கினார். “இதுல எந்த எடம் தைக்கல?”

அவள் காட்டினாள். ‘தோல் நீலமாகக் கன்றினால் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளவும்.’

“இத அப்பவே பாத்திருந்தாலும், மாத்திரையையும் கூட்டியிருப்பேன், உங்களையும் கூப்பிட்டிருப்பேன். செய்யக்கூடாதத முதல்ல சொல்லுங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பிறகு அதைப் பார்த்த மருந்தாளர் ஓர் இடத்தில் மட்டும் பேனா வைத்தார். ‘கூட்டாதே’ என்பதைக் ‘கூட்டாதீர்கள்’ ஆக்கினார். அச்சுக்குப் போனது இப்படி:

‘அடிபட்டோ அடிபடாமலோ தோல் நீலமாகக் கன்றினால் மாத்திரையைக் கூட்டாதீர்கள். கன்றிப்போவதற்கு இது மருந்து இல்லை. மாத்திரை அதிகமாகிவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அடுத்த மாத்திரையைப் போடும் முன் எங்களுக்குப் போன் செய்யுங்கள். தலையில் அடிபட்டாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ போனுக்குக் காத்திராமல் நேரே வாருங்கள்.’

அச்சுக்கு அனுப்பும் முன் கூடத்தில் பன்னிரண்டு பேரிடம் சொல்லச் சொன்னாள். பதினொரு பேர் சரியாகச் சொன்னார்கள். பன்னிரண்டாவது ஆள் கண்ணாடி கொண்டுவரவில்லை. அடுத்த நாள் கண்ணாடியோடு வரட்டும் என்று அச்சை ஒரு நாள் நிறுத்திவைத்தாள்.