பச்சையில் நின்ற கோடு

நல்லகாமன் கிழக்கே கையைக் காட்டினால் ஜெயக்கொடி மேற்கே நடப்பாள். அவன் உப்புக் கம்மி என்றால் இவள் சோற்றை இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டு, இம்புட்டு ருசியாக எங்கேயும் தின்றதில்லை என்பாள். கொழுந்தனுக்கும் மதினிக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

வாடிப்பட்டிக்குத் தெற்கே செவல்காட்டில் அவளுக்கென்று இருந்தது இருபது சென்ட். அதற்கு மூன்று பக்கமும் நல்லகாமனின் மல்லிகைத் தோட்டம். நடுவில் மதினியின் துண்டு கிடப்பது அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. ஒருநாள் இவர்கள் முறை, மறுநாள் அவன் முறை. ஜெயக்கொடியின் புருஷன் பேயாண்டி மில்லுக்குப் போகிற மனுஷன், தம்பி என்ன சொன்னாலும் தலையாட்டுவான். ஆகவே காடும் இவள் பாடு, சண்டையும் இவள் பாடு.

வெண்டை போட்டாள், மஞ்சள் நோய் விழுந்தது. கத்தரி போட்டாள், புழு தின்றது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து விருந்தில் நல்லகாமன் இலையில் உட்கார்ந்தபடி, நாலு பேர் கேட்க, மதினி கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அந்தத் துண்டைக் குத்தகைக்கு விட்டால் தானே பார்த்துக்கொள்வேன் என்றான். சகிக்கவில்லையாமே! ஜெயக்கொடி பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டாள்.

“இப்ப தக்காளி போட்டுருக்கேன். இதுவும் வெளங்கலேன்னா நானே வந்து காட்டை ஒங்கிட்ட விட்டுர்றேன், போ” என்றாள். சபையில் விட்ட வார்த்தை. அன்றிலிருந்து அந்தத் தக்காளி வெறும் தக்காளியாக இல்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சத்யப்ரியாவுக்கு ஆத்தாளின் ரோஷம் தெரியும். மண் ஈரம் பார்க்கும் சென்சார் ஒன்றை வாங்கி வந்து, தக்காளி வேர் ஓடுகிற ஆழத்தில் பதித்து, ஆத்தாள் போனிலும் தன் போனிலும் ஈரம் ஒரு கோடாகத் தெரியும்படி செய்துவிட்டுப் போனாள். பகலில் வேர் தண்ணீர் குடிக்கும்போது கோடு இறங்கும். ராத்திரி செடி குடிப்பதில்லை, கோடு சமமாகக் கிடக்கும். அப்படிப் படிப்படியாக இறங்கி வந்து பச்சைப் பட்டையைத் தாண்டி மஞ்சளைத் தொட்டால் பாய்ச்ச வேண்டும். பச்சையில் இருந்தால் மோட்டார் பக்கமே போகக்கூடாது. ஜெயக்கொடி சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் தினமும் பாய்ச்சியபோது கோட்டைப் பார்த்து, பொறுத்து, இவள் பாய்ச்சினாள். ஐப்பசி பிறந்தபோது செடிக்குச் செடி காய் தொங்கியது, பாதி சிவக்க ஆரம்பித்திருந்தது. நல்லகாமன் வரப்பில் நடக்கும்போது அந்தப் பக்கம் திரும்புவதை நிறுத்திக்கொண்டான். அது ஒன்றிலேயே அவளுக்கு வயிறு நிறைந்தது.

அன்றைக்கு அவள் முறை. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நல்லகாமன் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டான். கருமேகப் படம், ராத்திரிக்கு மழை வாய்ப்பு எண்பது சதவீதம். கீழே எழுதியிருந்தான்: “மதினி, மழை இருக்கு. தக்காளிக்குத் தண்ணி பாய்ச்சாதீங்க, பழம் வெடிச்சுரும். இன்னைக்கு ஒங்க மொறையை விட்டுக்குடுத்தா மல்லிக்கு எடுத்துக்கிறேன்.”

மழை வருமென்றால் இவன் மல்லிக்கு எதற்குத் தண்ணீர்? மாட்டினான் என்று நினைத்தாள் ஜெயக்கொடி. மழைப் படத்தைக் காட்டி முறையைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறான், தக்காளி வாடினால் காடும் கைக்கு வரும். எம்புட்டுத் திருட்டுப் புத்தி!

மகளுக்குப் போன் போட்டாள். சத்யப்ரியா வேறொரு ஆப்பைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அதில் நாற்பது என்று இருந்தது. பார்த்தாயா, ஒரு மழைக்கு ரெண்டு கணக்கா என்று இவள் குதித்தாள். மகள் பொறுமையாகச் சொன்னாள்: நாற்பதோ எண்பதோ, கோடு இன்னும் பச்சையில்தான் நிற்கிறது, மஞ்சளுக்கு வர ரெண்டு நாளாவது ஆகும். மழை வராவிட்டால் நாளை மறுநாள் நம் முறைதானே, அன்றைக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம். இப்போது நிறைத்துவிட்டு மேலே மழையும் விழுந்தால் மண்ணில் தண்ணீருக்கு இடமே இருக்காது.

அவ்வளவும் சரி என்று ஜெயக்கொடிக்குத் தெரிந்தது. கோட்டை அவளும்தான் பார்த்தாள். ஆனால் பாய்ச்சாமல் விட்டால் நல்லகாமன் சொன்னதைக் கேட்டதாக அல்லவா ஆகிவிடும்? குரூப்பில் அத்தனை சொந்தமும் பார்த்திருக்கிறது. அதை நினைத்தவுடன் பச்சையும் மஞ்சளும் கண்ணில் தெரியவில்லை.

மோட்டாரைப் போட்டாள். வழக்கத்தைவிட அதிகமாகவே பாத்திக்குப் பாத்தி தண்ணீரை நிறுத்திக் கட்டினாள். அந்தப் பக்கம் நல்லகாமன் மண்வெட்டியால் தன் தோட்டத்து வரப்பை வெட்டி வடிகால் எடுத்துக்கொண்டிருந்தான். மழை வருகிற மாதிரி நடிக்கிறான் பார் என்று காறித் துப்பினாள். முறையைக் கேட்டவன் மோட்டார் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது அவளுக்கு உறைக்கவில்லை.

மழை விளக்கு வைக்கிற நேரத்தில் பிடித்தது, விடியும்வரை விடவில்லை. காலையில் போனைப் பார்த்தாள். கோடு பச்சைக்கு மேலே ஏறி உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. காட்டில் சேறு முழங்காலுக்கு வந்தது. சிவந்த பழம், சிவக்க இருந்த பழம் எல்லாம் காம்பிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தன. பொறுக்கியதைப் பரவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனாள். கமிஷன் கடைக்காரர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இதை இறக்காதே அத்தாச்சி, மத்தியானத்துக்குள் நாறிவிடும் என்றார். ஜெயக்கொடி அத்தனையையும் குப்பை மேட்டில் கொட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் யாரோ இடம் கொடுத்தும் உட்காரவில்லை.

அவள் வந்தபோது அண்ணனும் தம்பியும் வரப்பில் நின்றார்கள். நல்லகாமனின் மல்லிகைத் தோட்டத்தில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

“மழை வரும்னு தெரிஞ்சேதான் சொன்னியாடா?” என்றாள்.

“உண்மையத்தான மதினி சொன்னேன்?” என்றான் நல்லகாமன். குரலை உயர்த்தவே இல்லை. “நான் சும்மா இருந்திருந்தா நீங்க கோட்டைப் பாத்துட்டு வீட்டுல இருந்திருப்பீக. நான் சொன்னா எதுக்கத்தான செய்வீக. அதான் சொன்னேன்.”

பேயாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஜெயக்கொடி மண்வெட்டியைத் தேடினாள். அது கிணற்றடியில் கிடந்தது. கையருகே இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ. அவன் ஏமாற்றியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவளை அவளை வைத்தே அடித்துவிட்டான்.

“எடுத்துக்க” என்றாள். சொன்ன வார்த்தை சொன்னதுதான். பாத்திக்குள் இறங்கி, சேற்றில் கையை விட்டு சென்சாரைப் பிடுங்கினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினாள்.

வீட்டை எட்டுவதற்குள் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து சத்யப்ரியா. குரலில் பதற்றம்.

“அம்மா, கோடு ஒரேயடியா அடியில விழுந்துருச்சு. ஈரமே இல்லேங்குது. என்னாச்சு, தண்ணி பாய்ச்சும்மா.”

ஜெயக்கொடி கையிலிருந்த சென்சாரைப் பார்த்தாள்.

“எங்கடி பாய்ச்சச் சொல்ற?” என்றாள்.