சிக்கியவரே பொறுப்பு

ஒரு நோட்டீசுக்காக ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தேனியில், ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து வடக்கே அனுப்பும் ஒரு கம்பெனியில் அப்போது கணக்குப் பிரிவில் இருந்தேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கலர் லேசர் பிரிண்டர் வாங்கிப் போட்டார்கள். மூட்டை லேபிளும் வடக்கத்தி வியாபாரிகளுக்குப் போகும் விலைப்பட்டியலும் கலரில் வேண்டும் என்றுதான் வாங்கியது. வந்த மாதமே அதில் பிள்ளைகளின் பள்ளிக்கூட புராஜெக்டும் காதுகுத்துப் பத்திரிகையும் வர ஆரம்பித்துவிட்டன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஒரு நோட்டீஸ் எழுதச் சொன்னார்.

உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். சொந்த வேலைக்குத் தாள் எடுக்க வேண்டாம். பின் அடித்த தாளையும் கசங்கிய தாளையும் ட்ரேயில் வைக்க வேண்டாம். சாரல் காலத்தில் தாள் கட்டைப் பிரித்துப் போடாமல் மூடி வைக்கவும், ஈரம் ஏறினால் சிக்கும். கலர் என்பது லேபிளுக்கும் விலைப்பட்டியலுக்கும் மட்டும். வேறு ஆபீஸ் வேலைக்கு வேண்டுமென்றால் ஆளுக்கு வாரம் ஐந்து பக்கம். லேசருக்கென்று அட்டையில் போட்டிருக்கும் ஸ்டிக்கர் தாளைத் தவிர வேறு ஸ்டிக்கர் தாள் கூடவே கூடாது. தாள் சிக்கினால் சுவிட்சை அணைத்து, சூடு ஆறவிட்டு, பின்மூடியைத் திறந்து, தாள் போகும் பக்கமாகவே இரண்டு கையாலும் மெதுவாக இழுக்கவும். யாருடைய தாள் சிக்கியதோ அவரே எடுக்கவும், முடியாவிட்டால் உடனே சொல்லவும்.

மேனேஜர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, ராமாயணம் மாதிரி நீட்டி எழுதிருக்க? இதை யாரு நின்னு படிப்பா?" என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளினார். கடைசியில் மூன்றே வரி மிஞ்சியது. 'தாளை வீணாக்காதீர். கலர் வாரம் ஐந்து பக்கம். தாள் சிக்கினால் சிக்கியவரே பொறுப்பு.'

"சார், தாள்தான சிக்குது? சிக்கியவர்னு போட்டா, அங்கன யாரு மாட்டுறாகளோ அவுக பொறுப்புன்னு ஆயிரும்."

"எனக்கும் தமிழ் தெரியும்மா. போய் ஒட்டு."

ஒட்டினேன். நான் பயந்தது அப்படியே நடந்தது. ஆபீசே கண்ணாமூச்சி ஆட ஆரம்பித்தது. அவரவர் இடத்திலிருந்து பிரிண்ட் கொடுப்பார்கள். பிரிண்டர் நின்று 'பீப்' என்று கத்தும். ஒரு தலை நிமிராது. ஒருவருக்குத் திடீரென்று போன் பேச வேண்டியிருக்கும், இன்னொருவர் பாத்ரூம் போய்விடுவார். கிட்டே போனால் சிக்கியவர் ஆகிவிடுவோம் என்று பயம். ஆண்பிள்ளைகள் என்று மீசை வைத்துக்கொண்டு திரிந்த நாலு பேரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போனவள் ஒருத்திதான். உத்தமபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போன ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. லாரிக்கான சீட்டு போடுகிற வேலை அவளுக்கு. வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அவளால் ஒளிந்து விளையாட முடியாது. போய்ப் பின்மூடியைத் திறந்து எடுத்துப் போட்டுவிட்டு வருவாள். எடுத்ததும், வரிசையில் நின்ற எல்லார் தாளும் கடகடவென்று வரும். ஒளிந்தவர்கள் வெட்கமில்லாமல் வந்து பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

அவள் அப்போது புரொபேஷனில் இருந்தாள். வீட்டில் அப்பாவிடம், அவள் பேச்சில் அத்தாவிடம், மல்லுக்கட்டி வாங்கிய வேலை. நிரந்தரம் ஆகாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று முதலிலேயே பேச்சு.

கார்த்திகை மாதம் ஒருநாள், நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவள் லாரிச் சீட்டுக்குப் பிரிண்ட் கொடுத்தாள். தாள் உள்ளே போய் விசிறி மடிப்பாய் மடிந்து நின்றுவிட்டது. பசை கருகிய வாடை வேறு. சுவிட்சை அணைத்துவிட்டு, அவள் பின்மூடிக்குள் கையை விட்டிருந்த நேரம் பார்த்து மேனேஜர் அறையைவிட்டு வெளியே வந்தார்.

"நீதானா? வந்த நாள்லருந்து இதை நோண்டுறது நீதானா?"

"இல்ல சார், சிக்கியிருந்துச்சு, எடுத்தேன்."

"சிக்குனது நீதான? நோட்டீச பாரு."

நாலு மீசைகளும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் எழுந்து, "சார், தினமும் எல்லாருக்கும் சேத்து எடுத்துவிடுறது அந்தப் பிள்ளைதான்" என்றேன். "உங்கிட்ட கேக்கல" என்றார். சாயங்காலமே அவளுக்கு மெமோ வந்தது. இயந்திரத்தைச் சேதப்படுத்தியதற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் பணி நிரந்தரம் கிடையாது. அவள் அதை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்த நோட்டீசைக் கிழித்து மேனேஜர் மேஜையில் வீசியிருப்பேன். எனக்கும் சம்பளம் வேண்டும் என்பதால் வீசவில்லை.

மறுநாள் மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். மேனேஜர் சந்தைப்பக்கம் போயிருந்தார். மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றி, தாளில் மையை உருக்கி ஒட்டும் சூட்டு உருளையை வெளியே எடுத்தார். அதைச் சுற்றி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி நீளமாக உரித்தார்.

"ஸ்டிக்கர் தாளு. மை தெளிக்கிற பிரிண்டருக்கு உள்ளது. இதுல போட்டா சூட்டுக்குப் பசை இளகி, ஸ்டிக்கர் மட்டும் உரிஞ்சு உருளைல சுத்திக்கிரும். போட்ட ஆளு வெளிய தெரிஞ்சத மட்டும் பிச்சு எடுத்துட்டுப் போயிருக்காக. உருளை போச்சு, மாத்தணும்."

உரித்த துண்டில், ஓரம் கருகிய மஞ்சள் எழுத்து. பாதிப் பெயரும் 'டிராவல்ஸ், கம்பம்' என்பதும் தெளிவாகத் தெரிந்தன. அந்த மஞ்சளை ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். மலைக்குப் போகும் சாமிமார்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் தேனிக்குமாக ஓடும் வேன். மேனேஜரின் மைத்துனர் வேன். சாயங்காலம் வாசலில் வந்து நின்று அவரைக் கூட்டிக்கொண்டு போவதும் அதுதான். முந்தின நாள் நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஆபீசில் இருந்ததும் மேனேஜர் ஒருவர்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "வரட்டும், நடுக்கூடத்துல வச்சுக் கேக்குறேன்" என்றேன்.

"வேணாக்கா. எங்கிட்டதான எழுத்துல கேட்டாக? எழுத்துலயே குடுத்துக்கிறேன்" என்றாள் அவள்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மெமோவின் விவரம் போட்டு, கீழே ஒரே வரி எழுதினாள். 'நோட்டீசில் உள்ளபடி சிக்கியவரே பொறுப்பு.' அதற்கும் கீழே அந்த மஞ்சள் துண்டை ஒட்டினாள். பசை அதிலேயே மிச்சம் இருந்தது. மெக்கானிக்கின் ரிப்போர்ட் நகலையும் பின் அடித்து, மேனேஜர் வந்ததும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்து தன் சீட்டைக் கையால் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனிதர் படித்தார். துண்டைத் தடவிப் பார்த்தார். அன்று முழுக்க அறையைவிட்டு வெளியே வரவில்லை. மெமோவைப் பற்றி அப்புறம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு நிரந்தர ஆர்டர் கெடுவுக்குள் வந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் மட்டும் வரவே இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

புது உருளை போட்ட அன்று என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அந்த நோட்டீச எடுத்துரும்மா. நீ மொதல்ல எழுதுனதையே போட்டுரு."

போட்டேன். முழுக்கக் கறுப்பில், ஸ்டிக்கர் தாள் பற்றிய வரியை மட்டும் நல்ல சிவப்பில். ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்றார்.

"நோட்டீசுக்கு எதுக்கும்மா கலரு?"

"எங்கணக்குல இந்த வாரத்துக்கு அஞ்சு பக்கம் இருக்கு சார்" என்றேன். "சிக்குனா நானே பொறுப்பு."