எல்லா ஊரிலும் செத்தவர்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டுதான். சம்பளச் சீட்டைத் தாண்டி அதற்கு எங்கும் வேலை இருந்ததில்லை. செய்தி நிறுவனத்தின் இரண்டாவது மாடியில், எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் ஏசிக்குக் கீழே அவள் மேசை. ஊர் உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும், வெள்ளம் வந்தாலும், ரயில் கவிழ்ந்தாலும், ஜனங்கள் கைபேசியில் தள்ளிவிடும் படங்கள் அவளிடம் வந்து நிற்கும். நிஜமா, போலியா என்று அவள் சொன்ன பிறகுதான் நிறுவனம் வாய் திறக்கும்.

போலிகளில் பாதிக்குமேல் வீடியோ கேமிலிருந்து பிடித்தவை. விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிற காட்சி என்று லட்சம் பேர் பகிர்ந்திருப்பார்கள். எவனோ ஒரு பையன் சோபாவில் சாய்ந்துகொண்டு ஆடிய ஆட்டமாக இருக்கும். உயிரும் தோட்டாவும் எத்தனை மிச்சம் என்று காட்டுகிற ஓரத்தை வெட்டிவிட்டு, கொஞ்சம் மங்கலாக்கி, கை நடுங்கி எடுத்தது மாதிரி ஆட்டிவிடுவார்கள். ஆனால் சுவரில் ஒரே ஓட்டை பத்து இடத்தில் அச்சு மாறாமல் இருக்கும். சிப்பாயின் பூட்ஸ் மண்ணுக்குள் அரை அங்குலம் புதைந்திருக்கும், மண்ணில் ஒரு தடமும் விழுந்திருக்காது. கடைப் பலகையில் எழுத்து மாதிரி ஏதோ இருக்கும், எந்த மொழியிலும் சேராது. சல்லடை அதையெல்லாம் வட்டம் போட்டுக் காட்டி, மேலே சிவப்பில் 'போலி' என்று குத்திவிடுவாள். இந்த அநியாயத்தைச் செய்கிறவன் கையில் கிடைத்தால் நாலு சாத்து சாத்தலாம் என்று தினமும் தோன்றும். கையில் கிடைத்தால்தானே!

அந்தப் படங்களுக்குள்தான் அவள் அவரை முதலில் பார்த்தாள்.

ஏதோ ஒரு போர். தெருவில் பிணங்கள். அதில் ஒருவர் கட்டம்போட்ட சட்டையில், வலது கையைத் தலைக்கு அண்டக் கொடுத்து, இடது முழங்காலை மடக்கிக் கிடந்தார். போலி என்று குத்தி அனுப்பினாள். அடுத்த மாதம் வேறொரு கண்டத்தில் நிலநடுக்கம். அதே மனிதர், அதே கை, அதே முழங்கால். பிறகு ஒரு வெள்ளத்தில் முதுகுக்குக் கீழே தண்ணீரோடு கிடந்தார். தண்ணீர் சட்டையை நனைக்கவில்லை. ஒரு தடவை ஒரே படத்தில் இரண்டு பேராகப் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்.

"எந்த ஊர் எழவுன்னாலும் மொத ஆளா வந்து படுத்துடறாரே, யாரு இந்த மாப்பிள்ளை?" என்று ஆசிரியர் கேட்டார். அன்றிலிருந்து அலுவலகத்துக்கு அவர் மாப்பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள். சல்லடையும் சிரித்தாள். ஆனாலும் ஒரு புதுப் படத்தைத் திறக்கும்போது, மூலையில் அந்தக் கட்டம்போட்ட சட்டை தெரிந்தால் அவள் சட்டென்று மூடிவிட்டு மறுபடி திறப்பாள். எங்கே போனாலும் நமக்கு முன்னால் போய்ப் படுத்திருக்கிற ஆளை வேறு எப்படிப் பார்ப்பது?

அவரைப் பற்றி ஒரு விளக்கக் கட்டுரை எழுதினாள். கேம் செய்கிறவர்களும் படம் செய்கிறவர்களும் விலைக்கு வாங்குகிற முப்பரிமாண உருவக் களஞ்சியங்கள் இருக்கின்றன, மேசை நாற்காலி வாங்குவது மாதிரி பிணமும் வாங்கலாம், இவர் அப்படி விற்கப்படுகிற ஓர் உருவம், இவரை எங்கே கண்டாலும் படத்தை நம்பாதீர்கள் என்று.

கட்டுரை வந்த வாரமே வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். உன்னைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கிறார் என்றார்கள். இறங்கிப் போனாள். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

அவள் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். செத்தவர் கண் சிமிட்டினார். செத்தவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"பயந்துடாதம்மா. நான் உசுரோடதான் இருக்கேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சுவருக்கு வண்ணம் பூசுகிறவர் அவர். பல வருஷம் முன்னால் ஒரு ஸ்டுடியோவுக்குப் பூச்சு வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு அறை முழுக்க வட்டமாகக் கேமராக்கள். ஆள் வராமல்போனதால், "அண்ணே, சும்மா கொஞ்சம் படுங்களேன்" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். எப்படிப் படுக்க என்று இவர் கேட்க, தூங்குகிற மாதிரி என்றார்கள். வீட்டில் எப்போதும் படுக்கிற மாதிரியே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். எல்லாக் கேமராவும் ஒரே நொடியில் மின்னின. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார், டீ குடித்தார், மறுபடி பிரஷ்ஷை எடுத்தார். அந்தப் படங்களை ஒன்றாகத் தைத்து அவரை எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய உருவமாக்கி, அதன் முகத்தில் ரத்தம் தடவி, உலகத்துக்கே விற்பார்கள் என்று யார் கண்டது?

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்காரிதான் பாவம். மாசத்துக்கு ஒரு தடவை யாராச்சும் என் பொணத்தை அவளுக்கு அனுப்பிடறாங்க. கட்டுரை எழுதின நீ ஒரு வார்த்தை சொன்னா அவளுக்குத் தெம்பா இருக்கும்."

சல்லடை தன் எண்ணைக் கொடுத்தாள். அன்று தொடங்கியது அந்த உறவு. அவர் மனைவியை அவள் அக்கா என்றாள். அக்கா அவளைத் தங்கச்சி என்றாள். ஒவ்வொரு படம் வரும்போதும் அக்காவிடமிருந்து அழைப்பு வரும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். "தங்கச்சி, பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்காரு. இருந்தாலும் நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லிடு." சல்லடை பழைய உருவத்தைப் படத்தின்மேல் வைத்துப் பொருத்துவாள். சட்டையின் ஒவ்வொரு மடிப்பும் அப்படியே உட்காரும். உருவம் ஒரே அச்சு, துணி கலையாது. "போலிதான் அக்கா, நிம்மதியா இருங்க" என்பாள். அக்கா மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அவள் வேலையிலேயே அவளுக்குப் பிடித்தது அந்தச் சத்தம்தான்.

அவரோ கிண்டல் பேர்வழி. "நான் சாகறதுக்குப் பயப்படலம்மா, எனக்கு நல்ல பழக்கம்" என்பார். அக்கா முதுகில் ஒன்று வைப்பாள்.

ஒரு நாள் காலையில் ஊரின் மறுகோடியில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி சரிந்தது. கட்டடம் சரிந்தது நிஜம். நிருபர் அங்கேயே நின்று பேசினார். அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. படங்கள் கொட்டின. பழைய இடிபாடு, வேறு நாட்டு இடிபாடு, கேம் இடிபாடு எல்லாம் கலந்து வந்தன. அவற்றுக்கு நடுவில் ஒன்று. சாம்பல் நிறத் தூசி, நிழலே இல்லாத தட்டையான வெளிச்சம், முழுக்க முழுக்கக் கணினியில் செய்தது மாதிரி. அதன் நடுவே மாப்பிள்ளை. கை தலைக்கடியில். முழங்கால் மடங்கி. மேலெல்லாம் சாம்பல்.

"அட, வந்துட்டாரா!" என்றார் ஆசிரியர்.

"வராம இருப்பாரா?" என்றாள் சல்லடை. அந்த முகத்தைத் தன் அண்ணன் முகத்தைவிட அதிகம் பார்த்தவள். பொருத்திப் பார்க்கவில்லை. சிவப்பில் குத்தினாள். கட்டடம் சரிந்தது உண்மை, இந்தப் படம் போலி, இவர் எல்லாரும் அறிந்த உருவம் என்று ஒரு வரி எழுதி வெளியிட்டாள்.

சற்று நேரத்தில் அக்கா அழைத்தாள்.

"தங்கச்சி, ஒரு படம் வந்துச்சு. அவர் போனை எடுக்கல."

"அண்ணன் எங்க வேலைக்குப் போயிருக்காரு?"

"ஸ்கூலுக்குச் சுண்ணாம்பு அடிக்கறேன்னு போனாரு. அந்தக் கட்டடம் இல்ல."

"பின்ன என்ன? ஏணி மேல நிக்கும்போது அவர் போனை எடுக்கமாட்டாருன்னு நீங்கதானே சொல்வீங்க. படம் போலிதான் அக்கா. நானே குத்திட்டேன்."

அக்கா மூச்சு விட்டாள். சல்லடைக்கு மனசு நிறைந்தது.

மாலை சாய்கிற நேரத்தில், அன்றைய போலிகளை அலுவலகப் பதிவேட்டில் சேர்க்க உட்கார்ந்தாள். சேர்ப்பதற்குப் பொருத்திப் பார்த்த சான்று வேண்டும். பழைய உருவத்தை எடுத்துப் படத்தின்மேல் வைத்தாள். மடிப்பு உட்காரவில்லை. நகர்த்தினாள், சாய்த்தாள். உட்காரவில்லை. கை சரி, முழங்கால் சரி, சட்டைதான் வேறு எங்கோ போயிற்று. கட்டமே இல்லை அதில். தூசிக்குக் கீழே இருந்தது வெறும் வெள்ளைச் சட்டை.

படத்தைப் பெரிதாக்கினாள். தலைக்கடியில் இருந்த கையைப் பார்த்தாள். களஞ்சிய உருவத்தில் விரல்கள் தனித்தனியாக இருக்காது. கேமராக்களுக்கு விரலிடுக்கு எட்டாமல் எல்லாம் ஒட்டிப்போய்க் கையுறை மாதிரி இருக்கும். இங்கே விரல்கள் பிரிந்திருந்தன. ஒவ்வொரு நகத்தின் ஓரத்திலும் பச்சை வண்ணம் காய்ந்திருந்தது.

ஐயோ என்று அவள் கத்தியது மாடி முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம். நிருபரைப் பிடித்து, பெயர் தெரியாதவர்களை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டு, அக்காவை வீட்டு வாசலிலேயே ஆட்டோவில் ஏற்றினாள். வழியில் அக்கா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட வேலை ஒத்திப்போனதும் மேஸ்திரி அவரை அந்தக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டாராம். அதைச் சொல்ல அவர் அழைக்க நினைத்திருப்பார், அல்லது அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். இனி அதைக் கேட்க ஆள் இல்லை.

வார்டு வாசலில் நின்ற நர்ஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இப்பதாம்மா. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

வெள்ளைத் துணியை விலக்கினார்கள். சல்லடை நூறு தடவை பார்த்த முகம். வேறொரு ஆள் மாதிரி இருந்தது. மீசையில் நரை இருந்தது, அந்த உருவத்துக்கு நரைக்கவே இல்லை.

"வாயில அடி, பேச முடியல," என்றார் நர்ஸ். "ஆனா நினைவு இருந்துச்சு. போன் நொறுங்கிப்போச்சு, யாருன்னும் தெரியல. உங்க படம் ஊரெல்லாம் சுத்துது அண்ணே, வீட்டு ஆளுங்க பார்த்ததும் ஓடி வந்துடுவாங்கன்னு நான்தான் அவருகிட்ட சொன்னேன். தலையை ஆட்டினார். அதுக்கப்புறம் கதவையே பார்த்துட்டு இருந்தார்."

சல்லடை சுவரோடு சாய்ந்தாள். அக்கா தன்னை அடிக்கட்டும், கடித்துக் குதறட்டும், நாசமாகப் போ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மனசார அதைத்தான் வேண்டினாள்.

அக்கா அவர் நகத்திலிருந்த பச்சையைத் தன் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் கோபமே இல்லை.

"நீ சொன்னப்புறம் படுத்தேன் தங்கச்சி," என்றாள். "எத்தனையோ நாளைக்கு அப்புறம், இன்னிக்கு மத்தியானம்தான் நல்லா தூங்கினேன்."