இருபத்தேழு தப்படி

செங்கம் சாலையில் நான் வேலை செய்கிற செல்போன் உதிரிப்பொருள் கடையில் எழுதுவது என் வேலை. எட்டு வருஷமாக எழுதுகிறேன். புதுச் சரக்கு எது வந்தாலும் முதலில் நான்தான் பிரித்துப் பார்ப்பேன். எந்தப் போனுக்குச் சேரும், எதற்குச் சேராது, ஸ்டாண்டு எவ்வளவு உயரம் போகும் என்று சோதித்து, கடையின் வாட்ஸ்அப் கேட்டலாக்கில் நாலு வரி தமிழில் போடுவேன். பெட்டி மேல் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அந்த நாலு வரியை வீடியோவில் பேசுவதற்கென்று ஒருத்தி வந்தாள். இருபத்து மூன்று வயது. வந்த இரண்டாவது மாதமே ஊருக்கெல்லாம் தெரிந்த முகமாகிவிட்டாள். உழைக்கிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் ஒருத்தி என்று சொல்வார்களே, அதை நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தினமும் பார்த்தேன்.

முதலில் ரிங் லைட்டில்தான் ஆரம்பித்தது. பத்து அங்குல வளையம், ஏழடி வரை நீளும் ஸ்டாண்டு, நடுவில் போன் பிடிக்கிற கிளிப். 'யூஎஸ்பி வயர், போனில் சொருக முடியாது, சார்ஜர் அல்லது பவர் பேங்க் வேண்டும். கவரைக் கழட்டாமலே போன் நிற்கும். ஸ்டாண்டை முழுசாக ஏற்றினால் கால்களை நன்றாக விரித்து வையுங்கள், இல்லாவிட்டால் சாயும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அந்த வளையத்துக்குள் முகத்தை விட்டுச் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னாள். ஒரு வார்த்தைகூட அவளுடையது இல்லை. மறுநாள் கடைக்கு வந்தவர்கள், "அந்த வீடியோ பொண்ணு இல்லையா?" என்று கேட்டார்கள். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எரிந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்றும் இருந்தது. கடை முதலாளியை நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் வியாபாரம் பண்ணுகிற குடும்பம். வேங்கிக்காலில் இன்னொரு கடை திறக்கப்போவதாகவும், எங்கள் இருவரில் ஒருவர் அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். நான் குடியிருப்பதே வேங்கிக்காலில்தான். எட்டு வருஷமாக அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். பாயோ, "அந்தப் பொண்ணுக்கு ஜனங்கள்ட்ட நல்லா பேச வருதும்மா" என்று என்னிடமே சொன்னார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மைக் வந்தது. சட்டையில் குத்திக்கொள்கிற வயர் இல்லாத கிளிப் மைக். மைக் ஒரு துண்டு. போனில் சொருகுகிற ரிசீவர் இன்னொரு துண்டு. ரிசீவரில் டைப்-சி முனை. ஐபோனில் பழைய மாடல்களுக்கு அது சேராது, அதற்கு வேறு முனை உள்ளது வாங்க வேண்டும். பதினைந்திலிருந்து வந்தவற்றுக்குச் சேரும். போன் கவர் தடியாக இருந்தால் முனை முழுசாக உள்ளே போகாது, கழட்ட வேண்டும். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜி என்கிற, வெளிக் கருவியைச் சேர்க்கிற வசதியை ஆன் செய்தால்தான் மைக் வேலை செய்யும். பெட்டியில் 'ரேஞ்ச் இருபது மீட்டர்' என்று போட்டிருந்தது.

காலையில் கடை திறந்ததும் கூட்டம் வருவதற்கு முன் சோதித்தேன். கடை போனில் ரிசீவரைச் சொருகி, வாசலில் ரிங் லைட் ஸ்டாண்டில் நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டேன். மைக்கைத் துப்பட்டாவில் குத்திக்கொண்டு, டீக்கடைப் பக்கமாகத் தப்படியை எண்ணிக்கொண்டே நடந்தேன். இருபத்தேழு தப்படி என்றால் ஏறக்குறைய இருபது மீட்டர். முதுகைக் காட்டி நடந்தபோது தொடர்பு அறுவதைக் காட்டி மினுக்கிய மைக் விளக்கு, அங்கே போனைப் பார்த்துத் திரும்பி நின்றதும் நிலையாக எரிந்தது. நாலு வார்த்தை பேசிவிட்டு, அப்படியே பேசிக்கொண்டு வந்து சேர்ந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. தனியாக நடந்தால் எதையாவது முணுமுணுத்துக்கொண்டேதான் நடப்பேன்.

முதல் பாதியைப் போட்டுக் கேட்டேன். போனுக்கு முதுகைக் காட்டி நடந்தவரைக்கும் ஒன்பதாவது தப்படியிலேயே குரல் விட்டு விட்டு வந்தது, அப்புறம் நின்றே போனது. திரும்பி நின்றதும் இருபத்தேழில்கூடக் கணீரென்று வந்தது. ஆக, மைக்குக்கும் போனுக்கும் நடுவில் ஆள் உடம்பு வந்தால் போச்சு. நாலு பேர் குறுக்கே போனால் கேட்கவே வேண்டாம். கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் வேறு, அதெல்லாம் இதே அலையில்தான் பேசும். அதுவரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். முனை, கவர், ஓடிஜி எல்லாம் எழுதினேன். ரேஞ்சுக்கு வந்தபோது 'இருபது மீட்டர்' என்று மட்டும் எழுதினேன். 'நடுவில் ஆள் இல்லாத இடத்தில்' என்கிற வரியை எழுதவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பேனாவை மூடும்போது தெரிந்தேதான் மூடினேன். யாராவது கடையிலேயே கேள்வி கேட்டு அவளை மடக்குவார்கள், விழிப்பாள், பாய் பார்ப்பார், அவ்வளவுதான் நான் நினைத்தது.

அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "அக்கா, இது நீங்க செக் பண்ணதுதானே?" என்று கேட்டாள்.

"பின்ன?" என்றேன்.

"நீங்க பாத்துட்டா போதும்க்கா. நான் வேற எதுக்கு பாக்கணும்?" என்று சொல்லிவிட்டு வீடியோ எடுக்கப் போனாள். அவ்வளவு நம்பிக்கை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள், அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். சமையல் வீடியோ போடுகிறவர். கிரிவலம் வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் சித்ரா பௌர்ணமியில் அவர் குடும்பம் சோறு போடும். இந்தத் தடவை அண்டா வைத்ததிலிருந்து கடைசி இலை வரைக்கும் பேசிப் பேசிப் படம் எடுத்திருக்கிறார். தம்பி சாலைக்கு எதிர்ப்பக்கம் போனோடு நிற்க, நடுவில் ஜனம் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. மைக்கைப் பெட்டியோடு வீடியோ பெண்ணின் முன்னால் மேஜை மேல் வைத்தார்.

"இருவது மீட்டர்னு சொன்னியேம்மா. பத்தடிகூட வரல. கை அசையுது, வாய் அசையுது, சத்தமே இல்ல. இனிமே அடுத்த வருஷம்தான். உன் மூஞ்சிய பாத்து நம்பித்தானே வாங்கினேன்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நான் சார்ஜர் வயர்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பாய் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "செக் பண்ணித்தான் போட்டீங்களா, இல்லையா?"

"நான்தான் பாய் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னுது" என்றாள் அவள்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. எந்நேரமும் முணுமுணுக்கிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டுவிட்டது. பாய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"வேங்கிக்கால் கடைய நீயே பாத்துக்கம்மா. அந்தப் பொண்ணுக்கு பேச்சு ஜாஸ்தி, நிதானம் கம்மி. நீ எழுதிக் குடுத்தத சரியா பாக்காம சொல்லிட்டா. இவ்ளோ நாளா எழுதற, உன் எழுத்துல ஒரு நாளும் ரிட்டர்ன் வந்ததில்ல."

சாவியை என் கையில் வைத்தார். எட்டு வருஷமாக நினைத்த சாவி. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை வீடியோவை அழிக்கக்கூடாது. சரக்கு திரும்பி வந்தால் கம்பெனிக்காரனுக்குக் காட்ட, கடை போனில் தனியாகப் போட்டு வைப்போம். ஏற்படுத்தியதே நான்தான். மறுநாள் காலை அவள் அந்தப் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தப்பைத் திருத்தி வேறு வீடியோ போடுவதற்காகப் பழைய சோதனையைத் தேடியிருக்கிறாள். வீடியோவை ஓடவிட்டு என் கையில் கொடுத்தாள்.

தப்படி எண்ணுகிற என் குரல். ஒன்பதில் உடைந்து நின்றது. பிறகு இருபத்தேழில் திரும்பி நின்று, "முதுக காட்டினா வரல" என்று நானே தெளிவாகச் சொல்கிறேன். அதோடு நான் அன்றைக்கு நிறுத்திவிட்டேன் அல்லவா, வீடியோ நிற்கவில்லை. போனைப் பார்த்து நடந்து வந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி விழுந்தது.

"எழுதறது நானு, சிரிக்கறது அவளு. எட்டு வருஷம் மாடா ஒழச்சவளுக்கு ஒரு நாதியில்ல. வேங்கிக்காலும் அவளுக்கே குடுக்கட்டும். கூட்டத்துல எடுக்காதன்னு நான் ஏன் எழுதணும்? எழுத மாட்டேன். எவளாவது வந்து கேக்கட்டும், அப்ப மாட்டி..."

அந்த இடத்தில் டீக்கடைக்காரர் கூப்பிட்டிருக்கிறார். படத்தில் நான் அவர் பக்கம் முழுசாகத் திரும்புகிறேன். சத்தம் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைகிறது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை.

"அங்க கட் ஆயிடுச்சுக்கா" என்றாள். "மீதிய நீங்களே சொல்லிடுங்க."

"மாட்டிக்கிட்டு முழிக்கட்டும்னு சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அழிக்க வேண்டுமென்றால் ஒரு தட்டு தட்டினால் போதும். அவளும் அதற்காகத்தான் என் கையில் விட்டுவிட்டுப் போனாளோ என்னவோ, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் பாய்க்குப் போட்டுக் காட்டினேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன்.

அடி அண்ணாமலை அம்மா வீட்டுக்கு நானே போய் நடந்ததைச் சொன்னேன். "எதுக்கும்மா இப்படி?" என்று மட்டும் கேட்டார்.

வேங்கிக்கால் கடையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். என் வீட்டிலிருந்து நாலாவது தெரு. போகும்போதும் வரும்போதும் அந்தக் கடை வெளிச்சத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? ஆனாலும் எழுதுவது நான்தான். பாய் அதை மட்டும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. புதுச் சரக்கு வந்தால் சோதித்து எழுதி அவளுக்கு அனுப்புகிறேன், ஒரு வரி விடாமல். அவள் எப்போதும் போல "தேங்க்ஸ்க்கா" என்று பதில் போடுகிறாள்.

போன வாரம் இன்னொரு மைக் வந்தது. எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தேன். கடை வாசலில் ஸ்டாண்டை நிறுத்தி, மைக்கைக் குத்திக்கொண்டு, போனுக்கு முதுகைக் காட்டி, அவள் தப்படி எண்ணி நடந்துகொண்டிருந்தாள்.