நீலக்கல் மோதிரமும் பத்மலதாவின் இழுப்பறையும்

இலங்கையின் காலி நகரத்துக் கோட்டைக்குள் விஜேதுங்க முதலாளியின் நகைக்கடையில் பத்மலதா இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதினாள். பின்பக்கம் மோதிரங்களுக்கு அளவு மாற்றும் என் மேசைக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் அவளுடைய பெருமூச்சுகள் எல்லாம் எனக்குத் தெரியும்.

பெருமூச்சுக்குக் காரணம் தெவ்மினி. கடையில் சேர்ந்து மூன்று வருடம்தான். கைபேசியில் பார்த்தே ஜெர்மன் மொழி பழகிக்கொண்டவள். வெள்ளைக்காரர்கள் அவள் பேச்சில் மயங்கி வாங்குவார்கள். முதலாளி அவள் படத்தைச் சட்டம் போட்டுக் கடை முன்னால் மாட்டினார். அன்று பத்மலதா மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

"கணக்குக்கு வர முந்தி நானும் கடை முன்னால நின்டு வித்தவள்தான். எனக்கு ஒரு படம் இருக்கா?" என்றாள் என்னிடம்.

ஜனவரியில் தெவ்மினி ஒரு ஜெர்மன் அம்மாளுக்கு நாலு லட்சத்து இருபதாயிரத்துக்கு நீலக்கல் மோதிரம் விற்றாள். அட்டையில் பணம் கட்டியாயிற்று. அளவு பெரிதாக இருந்ததால் நான் சுருக்கிக் கொடுத்தேன். அதற்குள் அந்த அம்மாள் ஊர் போய்விட, கூரியரில் அனுப்பினோம்.

மார்ச் மாதம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. மோதிரம் வரவே இல்லை என்று அந்த அம்மாள் தன் வங்கியில் முறையிட்டிருக்கிறாள். நாலு லட்சத்து இருபதாயிரத்தை நம் கணக்கிலிருந்து எடுத்தாயிற்று. தகராறுக் கட்டணம் என்று ஏழாயிரத்து ஐந்நூறும் எடுத்தாயிற்று. மறுப்பதானால் பதினான்கு நாளுக்குள் சான்று அனுப்ப வேண்டும்.

பத்மலதா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாம் தடவை, அவளே பிறகு சொன்னாள், சந்தோஷத்துக்காக வாசித்தாளாம். உடனே புத்தகத்தைத் திறந்து விற்பனையை ரத்து என்று திருப்பி எழுதினாள். கட்டணத்தை அதோடு சேர்க்காமல் தனிச் செலவாக எழுதினாள். மோதிரம் திரும்பி வராததால் இருப்பில் சேர்க்கவில்லை. எல்லாம் முறைப்படிதான்.

முதலாளி முகம் சுருங்கிற்று. "இன்னும் தீர்ப்பு வரேல்லையே பத்மா, அதுக்குள்ள ஏன் திருப்பி எழுதினே?"

"காசு போயிட்டுது முதலாளி. வங்கிக் கணக்கோட என்ட புத்தகம் ஒத்துப்போக வேணாமா?"

அந்த மாதம் தெவ்மினியின் கமிஷனில் அந்த விற்பனைக்கான எண்ணாயிரத்து நானூறு பிடிக்கப்பட்டது. அவள் பத்மலதாவின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, கூரியர்காரன் குடுத்த, பொட்டலம் வாங்கினதுக்கான கையெழுத்துத் தாள் எங்கயாவது கிடக்கா? நான் எல்லா இடமும் தேடிட்டன்."

"எனக்குத் தெரியாது தங்கச்சி. ஜெர்மன் தெரிஞ்சவளுக்கு ஒரு தாளைப் பத்திரமா வைக்கத் தெரியேல்லையா?"

தெவ்மினி அழவில்லை. அந்த ஜெர்மன் அம்மாளுக்கு நாலு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லையென்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கூரியர்த் தாள்கள் எப்போதும் கணக்கு மேசைக்குத்தான் வரும். அந்தத் தாளும் பத்மலதாவின் இழுப்பறையில், பெப்ரவரி ரசீதுகளோடு இருந்தது.

பதின்மூன்றாம் நாள் முதலாளி சொன்னது என் காதில் விழுந்தது. "அந்தப் பிள்ளையை இந்த மாசத்தோட நிப்பாட்டிடலாம் பத்மா. கவனமில்லாதவளை வச்சு என்ன செய்ய?"

பத்மலதா விரும்பியது இதுதான். ஆனாலும் அவள் இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"முதலாளி, தாள் என்னிட்டத்தான் இருந்தது. கடிதம் வந்த அன்டே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவர் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. தெவ்மினி பார்த்தாள், கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

விற்பனைச் சீட்டும் கையெழுத்துத் தாளும் அன்றே வங்கிக்குப் போயின. தாளில் இருந்தது ஜெர்மன் அம்மாளின் பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்து. அந்தக் கிழவர் பொட்டலத்தை வாங்கி அலமாரியில் வைத்து மறந்தே போயிருக்கிறார். ஜெர்மன் அம்மாள் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாள். ஐந்து வாரத்தில் நாலு லட்சத்து இருபதாயிரம் திரும்பி வந்தது. கட்டணம் திரும்பவில்லை, வென்றாலும் அது வங்கிக்குத்தான்.

"கட்டணத்தை என்ட சம்பளத்தில பிடியுங்கோ," என்றாள் பத்மலதா. முதலாளி பிடித்தார். விற்பனையை மறுபடி தெவ்மினியின் பெயரில் தன் கையாலேயே எழுதினாள். கமிஷனையும் எண்ணிக் கொடுத்தாள்.

தெவ்மினி வாங்கிக்கொண்டு, "நன்றி சொல்ல மாட்டன் அக்கா," என்றாள்.

"சொல்லாதே. சொன்னா எனக்கு இன்னும் எரியும்."

அதற்குப் பிறகும் அவர்கள் ஒரே கூரையின் கீழ் ஆறு வருடம் வேலை செய்தார்கள். பொறாமை போய்விட்டதா என்று ஒருநாள் கேட்டேன்.

"போகேல்லை," என்றாள் பத்மலதா. "அவளைக் கண்டா இப்பவும் வயிறு எரியுது. ஆனா தாளெல்லாம் அன்டன்டைக்கே முதலாளி கையில குடுத்திடுறன்."