கருகிய போர்டும் கேசரியும்

மகளுக்குக் கல்யாணம் செய்து கோயம்புத்தூருக்கு அனுப்பிய அடுத்த வருஷம் என் வீட்டில் இடி இறங்கியது. ஊருக்கு வெளியே, வேங்கிக்காலில் அப்போதுதான் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. கணவர் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. கலெக்டர் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் டிவியைப் போடுவேன். பார்ப்பதற்காக இல்லை, வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்றுதான்.

அன்று கோடை மழை. டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டேன் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தேன். மலைப்பக்கம் பளீரென்று வெட்டியது. டிவிக்குள் பட்டென்று ஒரு சத்தம், கூடவே தீய்ந்த நாற்றம். தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றுபோனது.

மறுநாள் வந்த மெக்கானிக் டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "கரண்டு பிளக்கைப் புடுங்கினீங்க, கேபிள் ஒயரை விட்டுட்டீங்களேக்கா. இடி அது வழியா வந்துடுச்சி. போர்டு காலி. வேற போடணும்."

வேறு போர்டு போட அப்போது என்னால் முடியாது. வீட்டுக் கடன் சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. நல்லவேளையாக, வீட்டுச் சாமான்களுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆபீஸ் சிநேகிதியின் கணவர் ஏஜென்ட். அவர் நச்சரிப்பு தாங்காமல் எடுத்த பாலிசி அது. மின்னலும் மின்சாரக் கோளாறும் அதில் அடக்கம் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. எழுதிக் கொடுத்தேன். சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்து பார்ப்பார் என்றார்கள்.

அதுவரை வீடு ஊமையாகக் கிடந்தது. ஃபேன் இல்லாமல் அந்த வெயிலில் தூங்க முடியாது என்று அதற்கு மட்டும் எரிந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டவைத்தேன். டிவி இல்லாத ராத்திரிகளில் குழாய் சொட்டுவதுகூடக் காதில் விழுந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கள்ளன் பயம் இல்லை. இனிமேல் இப்படித்தானோ என்கிற பயம்.

ஒரு வழியாக சர்வேயரிடமிருந்து ஆபீஸுக்குப் போன் வந்தது. "பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல பஸ் கெடைக்காதும்மா. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வரேன்."

ரிப்பேர்காரர்களைத் தவிர என் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மாதக்கணக்காகியிருந்தது. சனிக்கிழமை முழுக்க ஒட்டடை அடித்தேன், தரையைத் தேய்த்துக் கழுவினேன். டிவியின் பின்பக்கம் கரி அப்பியிருந்ததை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்தேன். மெக்கானிக் கழற்றி வைத்த கருகிய போர்டு மேஜைமேல் அசிங்கமாக இருந்தது. குப்பையில் போட்டேன். ஃபேனின் எரிந்த கம்பியைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன். காலையில் எழுந்து கேசரி கிளறினேன்.

சர்வேயர் என் வயதுக்காரர். தோளில் கேமரா. டிவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கருகின போர்டு எங்கம்மா?"

"குப்பையில போட்டுட்டேங்க."

"ஃபேன்ல இருந்து எடுத்த கம்பி?"

"அதுவும் இல்லீங்க."

"ரிப்பேர் பண்ணாலும் எரிஞ்ச பாகத்தை எடுத்து வெக்கணும்னு பாலிசியிலயே போட்டிருக்குமே. எதை வெச்சு நான் எழுதறது? எதுக்கும்மா போட்டீங்க?"

"நீங்க வர்றீங்களேனுதான்" என்றேன்.

அவர் கேமராவைக் கீழே வைத்தார். கேசரியை எடுத்துச் சாப்பிட்டார், முழுவதையும். பிறகு டார்ச்சை வாங்கிக்கொண்டு டிவிக்குள் தலையை நுழைத்தார். கேபிள் ஒயர் சொருகும் இடத்துக்கு உள்ளே, என் துணி எட்டாத மூலையில், விரல் நீளத்துக்குக் கரி இருந்தது. அதைப் படம் எடுத்தார். பக்கத்து வீட்டிலும் அதே இடியில் டிவி போயிருந்தது. அவர்களிடம் எழுதி வாங்கினார்.

கிளம்பும்போது, "ஃபேனுக்குக் கெடைக்காது. டிவிக்கு எழுதறேன், தேய்மானம் கழிச்சிட்டுக் குடுப்பாங்க. ஆபீஸ்ல ஒத்துக்கலைனா இன்னொரு தடவை வந்து பாக்கறாப்பல இருக்கும்" என்றார்.

அந்த 'இன்னொரு தடவை'யை நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு வீட்டைக் கழுவினேன். அதற்கடுத்த ஞாயிறும் கழுவினேன். ரவை தீராமல் பார்த்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மனிதர்மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. கதவைத் தட்ட ஒரு ஆள் இருக்கிறார் என்பது போதுமாக இருந்தது.

மூன்றாம் வாரம் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. டிவிக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். சிநேகிதி கைகுலுக்கினாள். மகள் போனில், "நல்லதாப் போச்சும்மா, இனிமே உனக்குப் பொழுது போயிடும்" என்றாள்.

கடிதத்தின் கடைசி வரியை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. சர்வேயர் அறிக்கை திருப்தியாக உள்ளது, மறுபடி நேரில் பார்வையிட அவசியமில்லை என்று போட்டிருந்தது. அந்தக் காகிதத்தின்மேல் எனக்கு வந்த கோபம், இடியின்மேல்கூட வரவில்லை.